நேரமில்லாத புதியவர் பங்கு வாங்குவது நேரடியாகவா, ஃபண்டு வழியாகவா? முழுமையான வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய வருபவர்களின் பங்குக் கணக்கு அறிக்கைகளைக் கும்பகோணத்தில் உள்ள எங்கள் அலுவலகத்தில் பிரித்துப் பார்ப்பது என் வேலை. புதிதாகத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தவறான பங்கை வாங்கியதால் மட்டும் இடறுவதில்லை. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுவதால்தான் இடறுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக என் அத்தானின் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். அவர் மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடை காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்குத்தான் மூடும். இரண்டு ஏக்கர் நஞ்சையும் உண்டு. ஒரு சம்பா அறுவடை முடிந்து கையில் நின்ற 60,000 ரூபாயைக் கொண்டு, கடைக்கு வந்து போகிறவர்கள் சொன்ன பதினொரு நிறுவனங்களின் பங்குகளை ஒரே மாதத்தில் வாங்கியிருந்தார். அந்த அறிக்கையை நான் பார்த்தது அடுத்த ஜூலையில்.

1. முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்

எவ்வளவு பணம் போடலாம் என்பதற்கு முன், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். நேரடியாகப் பங்கு வாங்குவதா, பலருடைய பணத்தைத் திரட்டிப் பல நிறுவனங்களின் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டு வழியாக வாங்குவதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

ஒரு நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவர் ஆண்டுக்கு நான்கு முறை அதன் காலாண்டு முடிவுகளைப் பார்க்க வேண்டும். ஆண்டறிக்கையில் கடன், பணவரவு, தணிக்கையாளர் குறிப்பு ஆகிய பகுதிகளையாவது படிக்க வேண்டும். நிறுவனத்தை நடத்துபவர்கள் தங்கள் பங்கை விற்கிறார்களா, அடகு வைத்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். பழக்கப்பட்ட கைக்கே காலாண்டு முடிவுக்கு ஒரு மணி நேரமும் ஆண்டறிக்கைக்கு நான்கு மணி நேரமும் ஆகும் என்பது என் கணக்கு. அப்படியானால் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு எட்டு மணி நேரம். அத்தானின் பதினொரு நிறுவனங்களுக்கு 88 மணி நேரம்.

அவரால் தர முடிந்தது ஞாயிற்றுக்கிழமை மாலையில், அதுவும் மாதத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம். ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்றால் அது ஒரே ஒரு நிறுவனத்துக்கும் போதாது. நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் நேரம் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று பங்குகளில் மொத்தப் பணத்தையும் வைத்தால், அவற்றில் ஒன்று சரிந்தாலே சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

ஆண்டுக்கு எண்பது தொண்ணூறு மணி நேரம் உண்மையாகவே தர முடிந்தவர் நேரடிப் பங்கைப் பற்றி யோசிக்கலாம். அவ்வளவு முடியாதவர் ஃபண்டு வழியாகவே தொடங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

2. தொடக்கூடாத பணத்தைப் பிரித்து வையுங்கள்

வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம், நிலம் உள்ளவர்களுக்கு ஒரு போகத்துச் சாகுபடிச் செலவு, இவை இரண்டும் வைப்புத்தொகையாக வங்கியில் இருக்கட்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அது தள்ளிப்போகும் ஆண்டில் குறுவை கைவிட்டுப்போகும், உரக்கடை, மருந்துக்கடை, துணிக்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் இறங்கும். அந்த ஆண்டே சந்தையும் சரிந்திருந்தால், இறங்கிய விலையில் விற்றுச் சாப்பிட வேண்டிய நிலை வரும்.

நகைக்கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். கடனை அடைத்தால் வட்டி மிச்சமாவது நிச்சயம். சந்தை தரும் லாபம் நிச்சயமில்லை. ஏழு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் கல்யாணச் செலவு, கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றுக்கான பணத்தையும் இதற்குள் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அதன் பங்கு சந்தையில் விற்கப்படுவதால், தெரிந்த வங்கிதானே என்று அதையே முதல் பங்காக வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த வங்கி நல்லதா அல்லவா என்பது வேறு கேள்வி. கவுண்ட்டரில் நமக்குக் கிடைக்கும் மரியாதையை வைத்து அதன் வாராக்கடன் அளவைச் சொல்ல முடியாது. மேலும் வீடு, நிலம், கடை ஆகிய மூன்றும் ஏற்கெனவே டெல்டாவை நம்பி இருக்கும்போது, நான்காவதாகச் சேமிப்பையும் இங்கேயே கட்டிப்போடுவது பரவலாக்கம் ஆகாது.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

தேவையானவை பான் அட்டை, ஆதார், அதனுடன் இணைந்த கைப்பேசி எண், மின்னஞ்சல், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. பட்டியல் சிறியதுதான், ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காரணம் நம்முடைய இனிஷியல்.

பான் அட்டையில் தகப்பனார் பெயர் விரிந்து குடும்பப் பெயர்போல நிற்கும். ஆதாரில் அதே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அந்த எழுத்து முன்னால் வரும். மணமான பெண்களுக்கு இதைவிடச் சிக்கல்: பானில் தகப்பனார் பெயர், ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும்; பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்குத் தெரியாது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், கேஒய்சி பதிவு முகமைகளின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்து நிலையைப் பாருங்கள். `KYC Validated` என்று வந்தால் எந்த ஃபண்டு நிறுவனத்திலும் தொடங்கலாம். `KYC Registered` என்றால், இதுவரை கணக்கு இல்லாத நிறுவனம் மீண்டும் ஒருமுறை ஆவணம் கேட்கும். `On Hold` என்று வந்தால் பெரும்பாலும் கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ சரிபார்க்கப்படாமல் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே போக முடியாது.

பெயர் ஒத்துவரவில்லை என்றால் வங்கிக் கணக்கின் பெயரையும் ஆதாரையும் பானுக்கு ஏற்பத் திருத்துவதே எளிது. இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதனால்தான் இந்தப் படியை ஃபண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வைத்திருக்கிறேன். கணக்குத் தொடங்கும்போதே வாரிசு நியமனத்தையும் பூர்த்தி செய்துவிடுங்கள்.

4. ஃபண்டின் பெயரை முழுவதும் வாசித்துத் தேர்ந்தெடுங்கள்

நேரமில்லாதவருக்கு நான் சொல்வது நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்று. மேலாளர் தன் கணிப்பின்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டை வாங்கினால், நிறுவனத்தைக் கவனிக்கும் வேலை குறைந்து, மேலாளரைக் கவனிக்கும் வேலை வந்து சேரும். இண்டெக்ஸ் ஃபண்டில் அந்த வேலையும் இல்லை. தேசியப் பங்குச்சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்களை அவற்றின் அளவுக்கேற்ற விகிதத்தில் அது வைத்திருக்கும்.

சரிந்துபோன நிறுவனத்தை வெளியேற்றும் வேலையைக் குறியீட்டின் விதிகளே செய்துவிடுகின்றன. 2018 ஆகஸ்டில் 350 ரூபாய்க்கு மேல் விற்ற யெஸ் வங்கிப் பங்கு, 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்குக் கீழே போனது; அந்த மாதமே அது நிஃப்டி 50இலிருந்து நீக்கப்பட்டது. நேரடியாக வாங்கி, விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சேர்த்தவர்களின் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். இண்டெக்ஸ் ஃபண்டு வைத்திருந்தவருக்கும் அதில் நட்டம் உண்டு, ஆனால் ஐம்பதில் ஒன்றுக்கான நட்டம் மட்டுமே.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நிறுவனம் விழுவதால் வரும் அடியைத்தான் இது குறைக்கும். சந்தை முழுவதும் விழுந்தால் ஃபண்டும் சேர்ந்து விழும். ஐம்பது நிறுவனங்கள் என்றாலும் வங்கி, நிதித்துறையின் பங்கு அதில் மிக அதிகம்.

இனித் திரையில் வரும் பெயரை இறுதிவரை வாசியுங்கள். நமக்கு வேண்டியது இப்படி முடியும்:

```
Nifty 50 Index Fund - Direct Plan - Growth
```

`Direct` என்பதற்குப் பதிலாக `Regular` என்று இருந்தால், விநியோகஸ்தருக்குப் போகும் தரகு ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து கழியும். வங்கிக் கிளையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்திட்டு வாங்குவது ஏறக்குறைய எப்போதும் இந்த வகைதான். மாதம் 5,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள், அதாவது மொத்தம் 9 லட்சம் ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ 22.7 லட்சம் ஆகும். செலவில் ஒரு சதவீதம் கூடுதலாகப் போய் 10 சதவீதம் வளர்ந்தால் 20.7 லட்சம். இந்த வளர்ச்சி விகிதமும் ஒரு சதவீதச் செலவு வித்தியாசமும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவையே தவிர உறுதி அல்ல. இரண்டு லட்சம் வித்தியாசம் எப்படி உருவாகிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

சந்தை விழும்போது தொலைபேசியில் அழைத்து, விற்க வேண்டாம் என்று தடுக்கும் நல்ல விநியோகஸ்தர் ஒருவர் உங்களுக்கு அமைந்திருந்தால், அந்தத் தரகு நியாயமான கூலிதான். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியபின் ஆளே தெரியாமல் போகிறவருக்கு அதைக் கொடுக்கத் தேவையில்லை.

கடைசிச் சொல் `Growth` ஆக இருக்க வேண்டும். அங்கே `IDCW` என்று இருந்தால், உங்கள் முதலீட்டிலிருந்தே அவ்வப்போது ஒரு தொகையைப் பிரித்துத் தருவார்கள், அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். வட்டி வருகிறது என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளுக்குள் எதை எடுப்பது என்று வாரக்கணக்கில் அலைய வேண்டாம். செலவு விகிதம் குறைவாகவும், குறியீட்டின் வளர்ச்சிக்கும் ஃபண்டின் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளி சிறியதாகவும் இருக்கும் ஒன்றை எடுத்தால் போதும்.

5. தவணையை அறுவடைக்கு ஏற்ப அமையுங்கள்

எஸ்ஐபி என்னும் மாதத் தவணை, மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து அமைந்தது. நமக்கோ பணம் வருவது கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டபின். அந்தப் பணம் வந்து செலவாகும் அதே வங்கிக் கணக்கில் தவணையையும் வைத்தால், ஆடி, ஆவணியில் இருப்பு தீர்ந்து தவணை திரும்பிவிடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி அபராதம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதத் தவணை தவறினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும்.

அத்தானுக்கு நான் செய்துகொடுத்தது இதுதான். ஏடிஎம் அட்டை, யுபிஐ எதுவும் இணைக்காத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று. சம்பா நெல் பணம் வந்ததும் அதில் 60,000 ரூபாய் போடுவது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அதிலிருந்து 5,000 ரூபாய் ஃபண்டுக்குப் போவது. பன்னிரண்டு தவணை முடியும்போது அடுத்த சம்பா வந்துவிடும். விளைச்சல் குறைந்த ஆண்டில் 36,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றால், தவணையை 3,000 ஆகக் குறைத்து அமைத்துக்கொள்ளலாம்.

முழுத் தொகையையும் ஒரே நாளில் போட்டால் என்ன என்று அவர் கேட்டார். கணக்குப்படி பார்த்தால் அது தவறில்லை. சந்தை ஏறும் ஆண்டுகள் அதிகம் என்பதால் பல நேரம் அதுவே கூடுதல் பலனும் தரும். ஆனால் போட்ட மறுமாதமே பத்து சதவீதம் இறங்கினால் முதன்முறை போட்டவர் பதறி எடுத்துவிடுகிறார் என்பதை நான் பலமுறை பார்த்திருப்பதால், முதல் ஆண்டுக்குத் தவணை முறையையே சொன்னேன்.

6. அதன்பின் பங்கு வாங்க விரும்பினால்

ஃபண்டில் பன்னிரண்டு தவணை முடிந்தபின், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஒன்று அல்லது இரண்டு நிறுவனங்களை வாங்கிப் பழகலாம். இதற்குப் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும்; ஃபண்டுக்கு அது கட்டாயமில்லை.

கணக்குத் தொடங்கும்போது தரகு நிறுவனத்தின் படிவத்தில் F&O என்னும் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகத்துக்கான கட்டமும் சேர்ந்தே இருக்கும். அதைத் தேர்வு செய்யாமல் விடுங்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டதாகப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. வாங்கும்போது, நீங்கள் சொன்ன விலைக்கு மேல் போகாத `Limit` முறையில் ஆணை கொடுங்கள். சிறிய நிறுவனப் பங்குகளில் விலை சொல்லாமல் வாங்கினால் திரையில் பார்த்ததைவிட அதிக விலையில் முடிந்துவிடும்.

சின்னச் சின்னத் தொகையாக வாங்குவதில் ஒரு செலவு கண்ணில் படுவதில்லை. ஒரு நிறுவனத்தின் பங்கை விற்கும் ஒவ்வொரு நாளும், எத்தனை பங்கு விற்றாலும், டீமேட் கட்டணமாகப் பொதுவாக 15 முதல் 20 ரூபாய் வரை பிடிப்பார்கள். 2,000 ரூபாய்க்கு விற்றவருக்கு அது ஏறத்தாழ ஒரு சதவீதம்.

நேரமில்லாதவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு உரிமைப் பங்கில் நடக்கிறது. அத்தானிடம் ஒரு நிறுவனத்தின் 40 பங்குகள் இருந்தன. அந்த நிறுவனம் நான்கு பங்குக்கு ஒன்று வீதம், 110 ரூபாய் விலையில் புதுப்பங்கு தர அறிவித்தது. அறிவிப்புக்குப்பின் சந்தை விலை 142 ரூபாயில் நின்றது. அவருடைய டீமேட் கணக்கில் பத்து உரிமைகள் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ரூபாய் பெறும். அவர் பணம் கட்டி விண்ணப்பித்திருக்கலாம், அல்லது குறித்த நாளுக்குள் அந்த உரிமைகளைச் சந்தையில் விற்றிருக்கலாம். மின்னஞ்சலைப் பார்க்காததால் இரண்டும் நடக்கவில்லை. கெடு முடிந்ததும் உரிமைகள் மறைந்துபோயின.

போனது 320 ரூபாய்தான் என்று தோன்றும்; அவர் வைத்திருந்த பங்கின் மதிப்பு 5,680 ரூபாய் என்பதால், அது ஐந்தரை சதவீதத்துக்கும் மேல். புதுப்பங்கு வருவதால் பழைய பங்கின் விலை ஏற்கெனவே இறங்கிவிட்டது; அதற்கு ஈடாகத் தரப்பட்டதைத்தான் அவர் விட்டுவிட்டார். ஃபண்டில் இருந்திருந்தால் விண்ணப்பிப்பதும் விற்பதும் அவர்களுடைய அன்றாட வேலையாக நடந்து முடிந்திருக்கும்.

வரியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரு பங்கை விற்று இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு லாபக் கணக்கு எழும். ஃபண்டு தனக்குள் மாற்றிக்கொள்வதற்கு நீங்கள் வரி கட்டுவதில்லை, உங்கள் யூனிட்டை விற்கும்போதுதான் கட்டுவீர்கள். 2024 ஜூலை 23 முதல், ஓர் ஆண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதமும், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதமும் வரி. பங்குக்கும் பங்கு சார்ந்த ஃபண்டுக்கும் இந்த விகிதம் ஒன்றே.

7. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை

ஃபண்டின் விலையைத் தினமும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஜனவரியில் 12,400ஐத் தாண்டி நின்ற நிஃப்டி, மார்ச் இறுதிக்குள் 7,500 அருகே இறங்கியது. அதே நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. அந்த மார்ச், ஏப்ரலில் எஸ்ஐபியை நிறுத்தியவர்கள் மிகக் குறைந்த விலைத் தவணைகளைத்தான் இழந்தார்கள். ஒவ்வொரு சரிவும் எட்டே மாதத்தில் மீளும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏழு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைக் கொண்டுவர வேண்டாம் என்று இரண்டாம் படியில் சொன்னது அதனால்தான்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து, ஃபண்டின் பெயருக்குக் கீழே ஆலோசகர் என்ற இடத்தில் `DIRECT` என்று இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே `ARN` என்று தொடங்கும் எண் இருந்தால் நீங்கள் வாங்கியிருப்பது தரகு உள்ள வகை. பன்னிரண்டு தவணையும் ஏறியிருக்கின்றனவா, வாரிசு பெயர் பதிவாகியிருக்கிறதா, கைப்பேசி எண் பழையதாகிவிட்டதா என்பவற்றைச் சரிபார்த்தால் அந்த ஆண்டுக்கான வேலை முடிந்தது.

அத்தானின் பதினொரு நிறுவனங்களில் ஒன்பதை விற்றோம். உடனே அல்ல, லாபத்தில் இருந்தவற்றுக்கு ஓர் ஆண்டு நிறையும்வரை காத்திருந்தோம், நட்டத்தில் இருந்தவற்றை மார்ச் 31க்கு முன்பே விற்று அந்த நட்டத்தை வரிக் கணக்கில் காட்டினோம். மீதி இரண்டையும் அவரே படித்துப் பார்த்து வைத்துக்கொண்டார். அவற்றுக்கான காலாண்டு முடிவு வரும் நாள்களைக் கடையில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.